கல் காயும் நேரம்: மதுரை இரவு உணவு வீடியோ ஒன்றின் ஸ்கிரிப்ட் ஆய்வு

எடுத்துக்கொண்ட வீடியோ பன்னிரண்டு நிமிடம். மூன்று கடைகள்: ஒரு பருத்திப்பால் தள்ளுவண்டி, ஒரு பரோட்டாக் கடை, ஒரு ஜிகர்தண்டா கடை. மூன்றும் மதுரையில், விளக்குத்தூணிலிருந்து கீழவாசல் வரை நடந்தே சுற்றிவிடும் தூரத்தில். குழுவில் மூன்று பேர்: சாப்பிட்டுப் பேசுபவர், கேமரா பிடிப்பவர், சத்தம் பதிபவர். முதல் ஸ்கிரிப்ட் பார்க்க நன்றாகவே இருந்தது. சாயங்காலம் ஆறரைக்குப் பருத்திப்பால், எட்டரைக்குக் கொத்து பரோட்டா, பத்து மணிக்கு ஜிகர்தண்டா என்று, பார்வையாளர் நடந்து போகிற வரிசையிலேயே படப்பிடிப்பும் எழுதப்பட்டிருந்தது.

அந்த வரிசையில் எடுத்த முதல் நாள் படத்தில் முக்கால்வாசி பயன்படவில்லை. காரணம் கேமராவோ தொகுப்பாளரோ அல்ல. எட்டரை மணி என்பது பரோட்டா மாஸ்டருக்குக் கை ஒழியாத நேரம். கல்லில் நாலு பிளேட் கொத்து கிடக்கும்போது, "எத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கீங்கண்ணே?" என்று மைக்கை நீட்டினால் "ம்… ஆச்சு" என்றுதான் பதில் வரும். வந்தது. அவர் தலை நிமிர்ந்த அந்தப் பத்து நொடியில் வெங்காயம் கருகியது. காத்திருந்தவர் ஒருவர் முகம் சுளித்தது படத்திலும் விழுந்துவிட்டது. கொத்துச் சத்தம் மொத்தமும் உடைந்து "டப் டப்" என்று தகரத்தில் கல் எறிந்தது போலப் பதிவாகியிருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்து டீக்கடை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. அதோடு வீடியோவை ஏற்றினால் யூட்யூபின் தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்துவிடும்; விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் அந்தப் பகுதியே ஊமையாகிவிடும்.

இரண்டாவது ஸ்கிரிப்ட் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. பார்வையாளர் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை எடிட்டிங் மேசைக்கு விட்டுவிட்டு, கடைக்காரரின் நாள் எந்த வரிசையில் நகர்கிறது என்று முதலில் கேட்டு எழுதினார்கள். பரோட்டாக் கடையில் மாவு பிசைவது மதியம் மூன்றுக்கு. உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறப்போடுவது நாலரைக்கு. அடுப்பு பற்றவைப்பது ஆறுக்கு. முதல் கொத்து ஆறே முக்காலுக்கு. கூட்டம் ஏழரை முதல் பத்தரை வரை. கல் கழுவுவது பதினொன்றரைக்கு. இந்தப் பட்டியலைப் பார்த்தவுடனேயே பேச்சு எப்போது, சத்தம் எப்போது, கூட்டம் எப்போது என்பது தெரிந்துவிடுகிறது. உருண்டை பிடிக்கும் நேரத்தில் கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். பேச்சு அங்கே. முதல் இரண்டு பிளேட் போடும்போது தெரு இன்னும் அமைதி, டீக்கடைப் பாட்டும் சத்தமாக வைக்கப்படுவதில்லை. நெருக்கமான சத்தப் பதிவு அங்கே. கூட்ட நேரத்தில் தூரத்திலிருந்து எடுக்கும் அகல ஷாட் மட்டும். அப்போது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

கொத்து: இருபத்தெட்டு நொடி

இந்த வீடியோவின் நடு உயிர் கொத்துச் சத்தம்தான். முதல் ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் "கொத்து பரோட்டா போடும் சத்தம், குளோசப்" என்று ஒரே வரி இருந்தது. அப்படி எழுதினால் கேமராக்காரர் எதையோ எடுத்து வருவார், எடிட்டர் எதையோ வெட்டுவார். கொத்து ஒரே சத்தம் இல்லை. கல்லருகே நின்று கேட்டால் ஐந்தாறு சத்தங்கள் வரிசையாக வருவது தெரியும்.

எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் விழும்போது வருவது சடசடப்பு. கறிவேப்பிலை ஈரமாக இருந்தால் அது முதலில் வெடிக்கும். அடுத்து முட்டை உடைத்து ஊற்றும்போது சடசடப்பு அடங்கி ஒரு கொழகொழ சத்தம். பிய்த்த பரோட்டா விழுந்ததும் சத்தம் செத்துவிடும், துணி மேல் தட்டுவது போல. மாஸ்டர் இரண்டு தட்டைக் கரண்டிகளையும் எடுத்துக் கொத்தத் தொடங்கும்போதும் முதலில் மந்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் கரண்டி விழுவது தடித்த பரோட்டா மேல். துண்டுகள் சின்னதாக ஆக ஆகக் கரண்டியின் விளிம்பு கல்லைத் தொடத் தொடங்கும். அப்போதுதான் நாமெல்லாம் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுபிடிக்கும் அந்த "டங்கட டங்கட" எழுகிறது. நடுவில் ஒரு கரண்டி சால்னா விழும்போது பெரிய "சுர்ர்", அதோடு ஆவி. கடைசியில் எல்லாவற்றையும் ஓரமாக வழித்துக் கூட்டும் உரசல்.

இதை இரண்டாவது ஸ்கிரிப்டில் இப்படி எழுதினார்கள்:

> ஷாட் 14. கல், பக்கவாட்டில், மாஸ்டரின் இடது தோளுக்குக் கீழிருந்து. பேச்சு கிடையாது, பின்னணி இசை கிடையாது.
> 0–5 நொடி: வெங்காயம் விழுவது. சடசடப்பு முழுதாக.
> 5–8: முட்டை. சத்தம் அடங்கட்டும், வெட்ட வேண்டாம்.
> 8–12: பரோட்டா விழுவது, முதல் நாலைந்து மந்தமான கொத்து.
> 12–15: சால்னா. ஆவி லென்ஸை மறைத்தால் மறைக்கட்டும்.
> 15–25: கொத்து மந்தத்திலிருந்து கணீரென்று மாறுவது. ஒரே டேக். நடுவில் வெட்டினால் இந்த மாற்றம் போய்விடும்.
> 25–28: வழிக்கும் உரசல். நிசப்தம். வாழை இலை மேல் விழுவது.

ஒரு பிளேட் கொத்து போட மூன்று நாலு நிமிடம் ஆகும். அதை இருபத்தெட்டு நொடியாகச் சுருக்குவதால் வெட்டுகள் தவிர்க்க முடியாதவை. ஆனால் பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் ஒரு வெட்டும் இல்லை. மந்தத்திலிருந்து கணீருக்கு மாறும் பத்து நொடிதான் பார்ப்பவர் காதில் நிற்கிறது. அதற்காகக் கரண்டி கல்லைத் தொடத் தொடங்கும் கட்டத்தைக் கடைசிவரை வெட்டாமல் பதிந்து, அதிலிருந்து நல்ல பத்து நொடியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சத்தம் முதல் நாள் ஏன் உடைந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இது எல்லாரும் செய்கிற தப்பு. பதிவுக் கருவியின் அளவை வெங்காயச் சடசடப்பு கேட்கும்போது சரிசெய்திருந்தார்கள். சடசடப்பு தொடர்ச்சியான மெல்லிய சத்தம். கொத்து அடி ஒவ்வொன்றும் கண் இமைக்கும் நேரத்தில் எழுந்து அடங்கும் உச்சம். இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இரண்டாம் நாள் மாஸ்டரிடம் காலிக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி, அந்த அடி -12 டெசிபெலைத் தாண்டாதபடி அளவை வைத்தார்கள். கருவியில் வசதி இருந்ததால் அதே மைக்கை இன்னொரு தடத்தில் 12 டெசிபெல் குறைத்தும் பதிந்துகொண்டார்கள். 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் கருவி இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும். ஆனால் மைக்கின் தகடே தாங்காத அளவு பக்கத்தில் வைத்தால் அந்தக் கருவியும் காப்பாற்றாது. கல்லிலிருந்து அரை மீட்டர், பக்கவாட்டில், சாய்வாக: அந்த இடம் போதும். கல்லுக்கு நேர் மேலே பிடித்தால் ஆவியும் எண்ணெய்த் துளியும் மைக்கின் பஞ்சுக்குள் இறங்கும், இரண்டு கடைக்குள் சத்தம் மங்கிவிடும்.

கைபேசியில் பதிபவர்களுக்கு வேறு சிக்கல். கைபேசி தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும். ஒரு அடி விழுந்ததும் எல்லாவற்றையும் அடக்கும், அடுத்த அடிக்குள் மெல்ல உயர்த்தும். கேட்கும்போது தெரு முழுவதும் மூச்சு வாங்குவது போல இருக்கும். அளவைக் கையால் பூட்டும் வசதியுள்ள செயலியில்தான் பதிய வேண்டும். எடிட் செய்யும்போது இரைச்சல் நீக்கியைப் போட்டுவிடுவது இன்னொரு வழக்கம். அதன் கணக்கில் எண்ணெய்ச் சடசடப்பும் இரைச்சல்தான். மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து அதையும் வழித்து எறிந்துவிடும். வெங்காயம் கல்லில் விழுந்தும் சத்தமே இல்லாமல் கிடக்கிறது என்றால் அங்கே இரைச்சல் நீக்கி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பேச்சுத் தடத்துக்கு மட்டும் அதைப் போடுங்கள், அதுவும் குறைவாக. கொத்துத் தடத்துக்கு எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் போதும். தள்ளுவண்டி ஜெனரேட்டரின் உறுமலும் பஸ் போகும் அதிர்வும் பெருமளவு அங்கேதான் இருக்கின்றன.

தனிக் கருவியில் பதிந்த சத்தத்தைப் படத்தோடு சேர்க்கும்போது இந்தக் குழுவுக்கு ஒரு வேடிக்கையான தவறு நடந்தது. இரண்டையும் பொருத்த வழக்கமாகப் போடும் கைதட்டுக்குப் பதில் முதல் கொத்து அடியையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். கொத்து அடிகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் எடிட்டர் ஒரு அடி தள்ளிச் சேர்த்துவிட்டார். தாளம் சரியாக இருக்கிறது, படமும் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ இடிக்கிறது. வழிக்கும் உரசல் வரும்போதுதான், கரண்டி நின்ற பிறகும் ஒரு அடி கேட்பது தெரிந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஒரு கைதட்டு, ஒரே ஒரு கைதட்டு, கேமராவுக்குத் தெரியும்படி. ஸ்கிரிப்டிலேயே எழுதிவைப்பது நல்லது.

படத்துக்கு ஒரு விஷயம் மட்டும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடைத் தெருவின் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 25 ஃபிரேமில், ஷட்டர் 1/50 வைத்தால் இந்தத் துடிப்பு தெரியாது. 1/60 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும், எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஸ்லோமோஷனுக்கு ஃபிரேமைக் கூட்டும்போதும் இந்தப் பட்டைகள் திரும்ப வரலாம். அதனால் கொத்தை ஸ்லோமோஷனில் எடுக்கும் ஆசையை ஸ்கிரிப்டிலேயே அடித்துவிட்டார்கள். மெதுவாக இறங்கும் கரண்டிக்கு வேகமான தாளத்தை ஒட்டவைத்தால் எப்படியும் பொய்யாகத்தான் தெரியும்.

கடைக்காரரை எப்படி அறிமுகப்படுத்துவது

முதல் ஸ்கிரிப்டின் அறிமுகம்: "முப்பது வருடமாக இந்தத் தெருவில் மணக்க மணக்க…" என்று தொகுப்பாளர் தெருவில் நின்று பேசுவது, பின்னால் கடைக்காரர் சிரித்தபடி நிற்பது. கடைக்காரர் அங்கே வெறும் பொம்மை. பிறகு ஒரு கேள்வி: "ஆரம்ப காலத்துல பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கண்ணே." இதற்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. சொன்னாலும், எழுதிய குழுவுக்குக் கண்ணீர் தேவைப்படுகிறதே தவிர அவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஸ்கிரிப்டில் எல்லாக் கேள்வியும் கையில் இருக்கும் வேலையைப் பற்றியதாக மாறியது. நாலரை மணி, மாஸ்டர் உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். மைக் சட்டைப் பட்டியில். தொகுப்பாளர் கேமராவுக்குள் வருவதில்லை, குரல் மட்டும்.

> "கல்லு காஞ்சிருச்சுன்னு எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?"
> "தண்ணி தெளிச்சா சுர்ருனு வத்திப் போயிரணும். அது வத்தாம முத்து முத்தா அங்கிட்டும் இங்கிட்டும் உருண்டு ஓடுச்சுன்னா சூடு சாஸ்தி. அப்பப் போட்டம்னா வெளிய கருகிரும், உள்ள மாவு."

இதுதான் அறிமுகம். அவர் யார், எவ்வளவு நாளாகச் செய்கிறார் என்பதை இந்த ஒரு பதிலே சொல்லிவிடுகிறது. சொன்னது நிஜமும்கூட. அளவுக்கு மீறிச் சூடான இரும்பில் தண்ணீர்த் துளிக்கு அடியில் ஓர் ஆவிப் படலம் உருவாகி, துளி இரும்பைத் தொடாமலேயே மிதந்து ஓடும். ஸ்கிரிப்டில் இந்தப் பதிலுக்கு நேரே "கல்லில் தண்ணீர்த் துளி, மிக நெருக்கத்தில், இரண்டு முறை: வற்றுவது ஒன்று, ஓடுவது ஒன்று" என்று ஒரு ஷாட் சேர்ந்தது. நாலரைக்குச் சொன்னது ஆறு மணிக்குப் படமாகிறது. பேச்சும் படமும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வயதிலும் தொழிலிலும் மூத்தவரைத் தொகுப்பாளர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதும் ஸ்கிரிப்டில் இருக்க வேண்டிய விஷயம். மாஸ்டருக்கு "அண்ணே". பருத்திப்பால் வண்டிக்காரர் எழுபதை நெருங்கியவர், அவருக்கு "ஐயா". "ப்ரோ", "தல" எதுவும் இல்லை. "இங்க பாருங்க, இவரு கைய பாருங்க" என்று ஆளைக் காட்சிப்பொருளாக்கும் வரிகளை எல்லாம் நீக்கினார்கள்.

பருத்திப்பால்: சுவைத்துச் சொல்வது

பருத்தி விதையை இரவே ஊறவைத்து, காலையில் அரைத்து, இரண்டு மூன்று தடவை பால் பிழிந்து வடிகட்ட வேண்டும். அதோடு ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு. வீட்டளவில் ஒரு தம்ளர் விதைக்குக் கால் தம்ளர் அரிசி இருக்கும். கருப்பட்டியோ வெல்லமோ காய்ச்சி வடிகட்டிய பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய். அரிசி மாவு இருப்பதால் கொதி வந்ததும் கெட்டியாகும், கிளறுவதை விட்டால் அடிபிடிக்கும். அடிபிடித்தால் பாத்திரம் முழுவதும் புகை வாடை ஏறிவிடும், மேலோட்டமாக எடுத்து ஊற்றியும் பயனில்லை. வண்டிக்காரர் பேசிக்கொண்டே ஒரு கையால் கிளறிக்கொண்டிருப்பது இதனால்தான். படக்குழு அவரைக் கேமராவைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சுவைக்கும் காட்சிக்கு முதல் ஸ்கிரிப்டில் "வேற லெவல்", "சொர்க்கம்", "அப்பா… என்னா டேஸ்ட்" என்று மூன்று வரி இருந்தது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, கையை உதறி. பார்ப்பவர் இதை ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. பருத்திப்பாலைக் குடிக்காத ஒருவருக்கு இதிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை.

மாற்றிய விதி இப்படி இருந்தது: முதல் வாய் ஒரே டேக். அதை நடிக்கக் கூடாது. அதனால் படப்பிடிப்புக்கு முன் தொகுப்பாளர் அந்தக் கடையில் வாய் வைக்கக் கூடாது. வாயில் போனபின் மூன்று நொடி பேசக் கூடாது. பேசும்போது மூன்று விஷயம் மட்டும்: நாக்கில் எப்படி இருக்கிறது, எந்தச் சுவை முதலில் வந்து எது பின்னால் வருகிறது, பார்ப்பவருக்குப் பழக்கமான எதைப் போல இருக்கிறது. வண்டியிலிருந்து ஊற்றும்போது பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும். உடனே குடித்தால் நாக்கு வெந்து, அப்புறம் எந்தச் சுவையும் தெரியாது. கிளாஸில் ஆவி அடங்கக் காத்திருக்கும் நேரத்தையே காட்சியாக்கினார்கள். தொகுப்பாளர் ஊதுகிறார், பக்கத்தில் நிற்பவர்களும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள் (கைகளும் கிளாஸும் மட்டும், முகம் இல்லை). கிடைத்த டேக்:

> "…கஞ்சி மாதிரி இருக்கு, ஆனா அவ்வளவு கெட்டி இல்ல. உளுந்தங்கஞ்சியும் பாயாசமும் பாதிப் பாதி. இனிப்பு முதல்ல தெரியல. சுக்குதான் முதல்ல தொண்டைல பிடிக்குது. அப்புறம்தான் கருப்பட்டி. கடைசில தேங்கா மெல்லும்போது திரும்ப ஒருதடவ இனிக்குது."

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வண்டிக்காரர் "சளி, இருமல் எல்லாத்தையும் முறிச்சுரும்" என்றார். அது அவருடைய வாக்கு, அவர் குரலில் வரட்டும். தொகுப்பாளர் அதையே திருப்பிச் சொல்லி, தலைப்பிலும் "சளியை விரட்டும் பால்" என்று போட்டால் அது வீடியோவின் மருத்துவ வாக்குறுதியாகிவிடும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் வீடியோவுக்கு வந்துசேரும். "வீட்லயே விதையை அரைச்சு அப்படியே குடிக்கலாம்" என்று தொகுப்பாளர் உளறிய ஒரு வரியையும் தூக்கிவிட்டார்கள். பச்சைப் பருத்தி விதையில் காஸிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. விதைப்பாலை நன்றாகக் கொதிக்கவைப்பது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை.

சத்தம் போடாத ஜிகர்தண்டா

ஜிகர்தண்டாவை எழுதும்போதுதான் ஸ்கிரிப்ட் திணறியது. கல்லு இல்லை, எண்ணெய் இல்லை. ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சிய பால், ஐஸ்கிரீம். எல்லாமே மெத்தென்று ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒரு கிளாஸ் இருபது நொடியில் தயார். முதல் எடிட்டில் இந்த வெறுமையை நிரப்பப் பின்னணி இசையும், கண்ணாடியில் கரண்டி தட்டும் சத்தத்தை வேறெங்கோ இருந்து எடுத்தும் ஒட்டினார்கள். கடைக்காரர் பரிமாறுவது எவர்சில்வர் கரண்டியால், கிளாஸ் தடித்த கண்ணாடி. ஒட்டிய சத்தமோ பீங்கான் கோப்பைச் சத்தம். மதுரைக்காரர் ஒருவர் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்.

சரிசெய்தது எளிதாகத்தான். சத்தம் கிளாஸில் இல்லை, பின்னால் இருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி உப்பு கலந்த ஐஸ்கட்டி நொறுங்கும் சத்தம். கெட்டி ஐஸ்கிரீமைச் சுரண்டும்போது டப்பாவின் ஓரத்தில் வரும் கீறல். பால் காயும் பெரிய சட்டியின் அடியில் கரண்டி நகரும் கரகரப்பு. பிசினுக்குச் சத்தமே கிடையாது, அது வழுக்கி விழும் காட்சி மட்டும் போதும். இரண்டு நொடி முழு நிசப்தம் வைத்தார்கள். கொத்துக்குப் பிறகு வருவதால் அந்த நிசப்தமே நன்றாக வேலை செய்கிறது. பால் காய்ச்சுவது காலையில் என்பதால் சட்டிச் சத்தத்துக்கு மட்டும் மறுநாள் காலை எட்டு மணிக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது. கடைக்காரரின் நேரத்தைப் பார்த்து எழுதாவிட்டால் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

பெயர் விளக்கத்துக்கு ஸ்கிரிப்டில் ஒரு வரி மட்டும்: ஜிகர் என்றால் ஈரல் அல்லது நெஞ்சு, தண்டா என்றால் குளிர்ச்சி. "முகலாயர் காலத்தில்" என்று தொடங்கிய மூன்று வரிக் கதையை நீக்கினார்கள். கடைக்குக் கடை வேறு கதை சொல்கிறார்கள்.

தெருவில் நிற்பது எப்படி

படமெடுக்கும் முறை பற்றிய குறிப்புகளை இந்தக் குழு ஸ்கிரிப்டுக்குக் கடைசியில் தனியாக எழுதாமல், அந்தந்த ஷாட்டின் பக்கத்திலேயே எழுதியது. பத்தாம் பக்கத்தில் "மரியாதையாக நடந்துகொள்ளவும்" என்று போட்டால் யாரும் படிப்பதில்லை. ஷாட் 14-க்குப் பக்கத்தில் "கேமரா மாஸ்டருக்கு இடப்பக்கம், பார்சல் வாங்குபவர்கள் வலப்பக்கம், வரிசைக்குக் குறுக்கே ஸ்டாண்ட் வைக்காதே" என்று இருந்தால் நடக்கும்.

அனுமதியில் அடிக்கடி நடக்கும் தவறு, முதலாளியிடம் மட்டும் கேட்பது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து "தாராளமா எடுங்க" என்பார். படத்தில் வரப்போவது மாஸ்டரின் முகம். அவரிடம் தனியாக, முதலாளி காதில் விழாத தூரத்தில் கேட்க வேண்டும். இந்தக் கடையில் மேசை துடைக்கும் ஒருவர் வேண்டாம் என்றார், காரணம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அவர் நடமாடும் பாதை எதுவென்று குறித்துக்கொண்டு ஃபிரேமை மாற்றினார்கள். சின்னப் பையன்கள் வேலை செய்கிற மாதிரித் தெரிந்தால் அந்தக் கோணத்தையே விட வேண்டும். கடைக்காரர் மகன் பள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பதாகவே இருந்தாலும், படத்தில் அது அப்படித் தெரியாது.

சாப்பிடுகிறவர்களின் முகத்தை நெருக்கத்தில் எடுப்பதில்லை. அகல ஷாட்டில் முதுகும் கையும் இலையும் தெரிந்தால் கூட்டம் புரியும். சாப்பிட்டதற்கு முழுக் காசு கொடுப்பது, அதுவும் முன்னாலேயே. கடைக்காரர் வாங்க மறுத்தால் பார்சலாக நாலு பிளேட் வாங்கிக் காசைக் கல்லாவில் வைப்பது. ஓசியில் சாப்பிட்டுவிட்டுப் புகழ்ந்தால் அது விளம்பரம், அதை விளம்பரம் என்று எழுதியாக வேண்டும்.

இடத்தைச் சொல்லலாமா என்பதற்குக் கடைக்குக் கடை பதில் மாறும். கட்டிடத்தில் இருக்கும் பரோட்டாக் கடைக்குத் தெருப்பெயர் போடலாம். தள்ளுவண்டி அப்படியில்லை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. விற்பனைச் சான்றிதழும் நகர விற்பனைக் குழுவும் அதில் இருக்கின்றன. ஆனால் சான்று கையில் இல்லாத வண்டிகள் நிறைய. இன்ன முனையில் இத்தனை மணிக்கு இந்த வண்டி நிற்கும் என்று பெயரோடு, வரைபடத்தோடு போட்டால் வாடிக்கையாளர் மட்டுமல்ல, வண்டியை அப்புறப்படுத்துகிறவர்களும் வருவார்கள். கூட்டமே தொல்லையாவதும் உண்டு. ஒரு பாத்திரம் பால் கொண்டுவருகிறவர் எண்பது தொண்ணூறு கிளாஸ்தான் ஊற்ற முடியும். வீடியோ பார்த்து முந்நூறு பேர் வந்தால் தினமும் குடிக்கிற ஆட்டோக்காரருக்குக் கிடைக்காமல் போகும்.

ஏற்றுவதற்கு முன் வெட்டிய வீடியோவைக் கைபேசியில் வண்டிக்காரரிடம் காட்டினார்கள். அவர் இரண்டு தடவை பார்த்தார். தண்ணீர்க் குடம் தரையில் இருக்கும் ஒரு ஷாட்டை நீக்கச் சொன்னார், நீக்கினார்கள். வண்டி நிற்கும் முனையின் பெயர்ப்பலகை தெரியும் ஷாட்டை அவர் கவனிக்கவில்லை. குழுவே சுட்டிக்காட்டி, அவர் யோசித்து, "அது வேணாம்ப்பா" என்றார். திரையில் வரும் எழுத்தில் "விளக்குத்தூண் பக்கம்" என்று மட்டும் நின்றது.

கடைசி ஷாட்டாக முதலில் எழுதியிருந்தது தொகுப்பாளர் கோபுரத்தைப் பார்த்து நடந்துபோவது. அதை மாற்றிப் பருத்திப்பால் பாத்திரத்தை வைத்தார்கள். பாத்திரம் நிறைந்திருக்கும்போது கரண்டி பட்டால் சத்தம் கம்மலாக இருக்கும், காலியாக ஆகக் கணீரென்று கேட்கும். ஒன்பதே கால் மணிக்குக் கடைசி கிளாஸுக்காக அடியை வழிக்கும் அந்தச் சத்தம், ஏழு நொடி. பிறகு மூடி போடும் சத்தம்.